உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டுக் காட்டி இடம் விற்கிறார்கள், கவனம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இடம் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எங்களிடம் எட்டு சென்ட் இடத்துக்கு மூன்று லட்சம் அட்வான்ஸ் வாங்கினார்கள். அந்த இடம் விற்க வந்தவருடையதே இல்லை. கிராமத்தின் பெயரும் புல எண்ணும் இங்கே வேண்டாம், எண்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

இடம் 214/3B-யில் இருக்கிறது. பட்டா விற்பவர் பெயரில். அப்பா வாங்கியது, அவர் இறந்தபின் வாரிசாக எனக்கு வந்தது என்றார். புரோக்கர் கொடுத்த ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, 1990-லிருந்து இன்றுவரைக்கும், ஒரு பதிவுகூட இல்லை, 'வில்லங்கம் இல்லை' என்று வரும் படிவம் 16. புரோக்கரே கூட்டிவந்த வக்கீலும் அதை மட்டும் வைத்து 'டைட்டில் கிளியர்' என்று லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் மாமா பத்திர ஆபீஸ் வேலை தெரிந்தவர். அவர் அந்த ஈசியைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "அப்பா எப்ப வாங்குனாரு?" 1988 என்றோம். "அப்ப ஏன் ஈசி 1990-ல ஆரம்பிக்குது?" அப்பா வாங்கிய கிரயப் பத்திரமே ஈசிக்குள் வராதபடி தேதியை வைத்திருக்கிறார்கள். ஈசி என்பது இடத்தின் முழு வரலாறு இல்லை. எந்தப் புல எண், எந்த உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று கேட்கிறோமோ அதற்கு மட்டும்தான் பதில் வரும்.

1988 பத்திரத்துக்கு நகல் போட்டு வாங்கினோம். சொத்து விவரத்தில் 214/3, 42 சென்ட் என்று இருக்கிறது, A, B எதுவும் கிடையாது. 2011-ல்தான் உட்பிரிவு செய்து தெற்குப் பக்கம் 3A, வடக்குப் பக்கம் 3B ஆகியிருக்கிறது. அதற்கு முன்னால் பதிவான எந்தப் பத்திரமும் 214/3 என்ற பழைய எண்ணில்தானே இருக்கும்? 3B என்று போட்டுத் தேடினால் அது எப்படி வரும்?

tnreginet.gov.in-இல் ஈசியை நாமே இலவசமாகப் பார்க்கலாம். புல எண் 214, உட்பிரிவு 3 என்று மட்டும் கொடுத்து, 1985-லிருந்து தேடினோம். 1988 கிரயம் வந்தது. அதற்குக் கீழேயே 2003-ல் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம், அப்பா தன் மகளுக்கு, அதாவது விற்க வந்தவரின் அக்காவுக்கு, வடக்குப் பக்கம் 20 சென்ட் எழுதிக் கொடுத்தது. 'முந்தைய ஆவண எண்' என்ற இடத்தில் அந்த 1988 பத்திரத்தின் எண்ணே இருக்கிறது. நான்கு எல்லையை எடுத்து, புல வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் அப்படியே 3B. அப்பா உயிரோடு இருக்கும்போதே அக்காவுக்குக் கொடுத்துவிட்ட நிலத்துக்கு வாரிசுச் சான்றைக் காட்டித் தம்பி பட்டா வாங்கியிருக்கிறார். அக்கா வெளியூரில் இருக்கிறார், அசல் பத்திரம் அவர் கையில் பத்திரமாக இருக்கிறது. பட்டா வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

அதனால் தாய்ப்பத்திரத்தின் நகலை முதலில் கையில் வாங்குங்கள், அப்புறம்தான் ஈசி. அந்தப் பத்திரத்தில் எந்தப் புல எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு, பத்திரத் தேதிக்குச் சில வருடங்கள் முன்னாலிருந்து ஒரு ஈசி, இப்போதைய உட்பிரிவுக்குத் தனியாக ஒரு ஈசி, இரண்டும் வேண்டும். நடுவில் எண் மாறியிருந்தால் 'அ' பதிவேட்டில் பழைய புல எண் இருக்கும், eservices.tn.gov.in-இல் பார்க்கலாம். கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து மாறி வந்திருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடச் சொல்லுங்கள். ஈசியில் வரும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் நகல் போட்டு, 42 சென்டில் யாருக்கு எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். விற்பவர் சொல்லும் அளவு அந்த மீதிக்குள் அடங்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தாலும் பதிவாகாத விஷயம் ஈசியில் வராது. உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, பதிவு செய்யாமல் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கடன், இதெல்லாம் அதில் தெரியாது. வாரிசாக வந்த சொத்து என்றால் வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாகக் கல்யாணமாகிப் போன பெண்களை, நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். நாங்கள் அந்த அக்காவிடம் போனில் பேசியபோதுதான் தம்பி இடத்தை விற்கப் பார்க்கிறார் என்பதே அவருக்குத் தெரிந்தது.

அட்வான்ஸில் ஒரு லட்சம் திரும்பி வந்திருக்கிறது, மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ஆனால் புரோக்கர் இன்னும் அதே இடத்தை வேறு ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் யாராவது 1990-லிருந்து ஒரு பதிவும் இல்லாத ஈசியை உங்களிடம் நீட்டினால், பணம் எதுவும் கொடுக்காமல் அப்பா வாங்கிய பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.