பதினொரு ஆண்டுகளாக மெட்ஃபார்மினுடன்: வயிறும் சிறுநீரகமும்

என் 55-ஆவது வயதில் நீரிழிவுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தது 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரை ஒன்று, இரவு உணவோடு. சர்க்கரையை விரைவில் குறைத்துவிடும் ஆசையில் நானாகவே அதைக் காலையில் வெறும் வயிற்றிலும் ஒன்று சேர்த்துக்கொண்டதால், இரண்டு வாரங்கள் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் என்னைப் பாடாய்ப் படுத்தின.

மருத்துவர் கடிந்துகொண்டு, மீண்டும் ஒரு மாத்திரையிலிருந்தே தொடங்கி, வயிறு பழகிய பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டச் சொன்னார். அத்துடன், சாப்பாட்டுக்கு முன்பு அல்லாமல், பாதி உணவு உள்ளே போன பின் விழுங்கச் சொன்னார். இட்லி மூன்று என்றால் இரண்டாவதை முடித்தபின் மாத்திரை என்பது என் வழக்கமாயிற்று. உணவோடு கலக்கும்போது மருந்து குடலுக்குள் மெதுவாகச் செல்வதால், தொல்லை வெகுவாகக் குறைந்தது. எஞ்சியிருந்த வயிற்று இரைச்சல், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகைக்கு மாறியதும் நின்றது. அந்த வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் வெற்றுக்கூடு சில நேரம் மலத்தில் முழு மாத்திரையைப் போலவே தெரியும், மருந்து சேரவில்லையோ என்று நான் ஒருமுறை பயந்ததுண்டு.

இரண்டாயிரம் மில்லிகிராம் வரை சென்ற எனக்கு, சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.4 என்று வந்தது. முன்பு 0.8 இருந்ததால், சற்றுத்தானே கூடியிருக்கிறது என்று எண்ணினேன். ஆனால் 66 வயதுப் பெண்ணுக்கு அந்த எண், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவில் ஏறத்தாழ 41 ஆகிறது; தொடக்கத்தில் அது 87 அளவில் இருந்தது. மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அந்த வழி அடைபடும்போது மருந்து உடலில் தேங்கி, லாக்டிக் அமிலம் கூடும் அரிய, ஆனால் உயிருக்கே ஆபத்தான நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். எனவே 45-க்குக் கீழே வந்தவுடன் மருத்துவர் என் அளவை 1000-க்குக் குறைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். 30-க்குக் கீழே இறங்கினால் முற்றிலும் நிறுத்திவிட வேண்டும்.

அதன்பின் ஒரு கோடையில் ஒவ்வாத உணவால் இரண்டு நாள் வாந்தியும் பேதியும் வந்தன. இது பழைய மாத்திரைத் தொல்லை அல்ல என்பது, ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்த வயிறு திடீரென்று கெட்டதிலேயே தெரிந்தது. நீரிழப்பு, குறைந்திருக்கும் சிறுநீரகத் திறனை மேலும் இறக்கிவிடும் என்று அறிந்திருந்ததால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன். நன்றாகச் சாப்பிடவும் நீர் குடிக்கவும் முடிந்த பிறகு, கிரியாட்டினினைப் பார்த்துவிட்டே மீண்டும் தொடங்கினேன். அந்த இரண்டு நாட்களில் மூச்சு வேகமாக வாங்குதல், அளவுக்கு மீறிய சோர்வு, தசைவலி ஆகியவை சேர்ந்து வந்திருந்தால், தொலைபேசியோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகும்படி அவர் சொல்லியிருந்தார்.