ஏழு நாள் போட்டோவிலும் ஒரே சிமெண்ட் சாக்கு

உச்சிப்புளிப் பக்கம் கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. நான் ஷார்ஜாவில் இருந்தபடி வாட்ஸ்அப்பிலேயே கட்டி முடித்தேன். குடிபோய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, படுக்கையறை ரூஃப் அடியில் துருக்கறை தெரிய ஆரம்பித்தது. கம்பி போகும் கோட்டிலேயே விரிசல். அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் தட்டினால் பூச்சு டொக்கு டொக்கென்று சத்தம் போடுகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு நம்ம கடற்கரையில் வீடு கட்டுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

ஏமாந்தது போட்டோவில்தான். நான் கேட்டபடி ஒவ்வொரு படத்திலும் தேதி இருந்தது. கம்பி கட்டிய அன்று வந்த படத்தில், கம்பி பலகையில் படாமல் தூக்கி வைக்கும் கவர் பிளாக் நாலு பளிச்சென்று தெரிந்தது. அது ரூஃபின் ஒரு மூலை மட்டும்! மற்ற இடத்தில் கம்பி நேராகப் பலகையில் படுத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் க்யூரிங். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய படம், நாளுக்கு ஒன்றாக ஏழு. துருக்கறை வந்த பிறகு அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழிலும் ஒரே காலி சிமெண்ட் சாக்கு, ஒரே இடத்தில், ஒரே மடிப்போடு கிடக்கிறது. நிழலும் அதே பக்கம், அதே நீளம். ஃபோனில் தேதியை மாற்றி மாற்றி ஒரே மதியத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, தினம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்.

காண்ட்ராக்டரைக் கேட்டேன். "தம்பி, நம்ம என்ஜினீயரே பாத்து ஓகே சொன்னாரே" என்றார். அந்த என்ஜினீயரை எனக்கு அறிமுகப்படுத்தியது யார்? அவரேதான். சம்பளமும் அவர் கையால்தான் போனது. என் முட்டாள்தனம் அது.

ராமநாதபுரம் டவுனிலிருந்து யார் பக்கமும் சாராத ஒரு என்ஜினீயரை வரவழைத்தேன். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பிளானில் 30 மி.மீ. கவர், ரூஃபில் பல இடத்தில் 10, 12தான். உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்துக்கு 30கூடப் போதாது, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்குப்படி 45 வேண்டும் என்றார். அடுத்து, உரிந்த இடத்தில் கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து சில்வர் நைட்ரேட் தெளித்தார். உள்ளே வரை வெள்ளையாகப் படிந்தது. உப்பு இருந்தால் அப்படித்தான் ஆகுமாம். கலவைக்கே உப்புத்தண்ணி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் போர் தண்ணியை வாயில் வைத்தாலே தெரியும். லாரித் தண்ணிக்கு என்று என்னிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார் காண்ட்ராக்டர்.

எல்லாவற்றுக்கும் வழிவிட்டது நான் எழுதிக்கொடுத்த பணக் கணக்கு. 'ரூஃப் கான்கிரீட் முடிந்ததும் 25 சதவீதம்' என்று போட்டிருந்தேன். கான்கிரீட் ஊற்றிவிட்டால் பணம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. எப்படியாவது சீக்கிரம் ஊற்றிவிடத்தானே பார்ப்பார்கள்?

என் தம்பி கட்டும் வீட்டுக்கு இப்போது அந்த 25 சதவீதத்தை இரண்டாக உடைத்து வைத்திருக்கிறோம். கம்பி, கவர் பிளாக், மேல்கம்பியைத் தாங்கும் சேர் எல்லாம் பார்த்துவிட்டு என்ஜினீயர் எனக்கு எழுதி அனுப்பினால்தான் 10 சதவீதம். அதுவரை கலவை மிஷின் ஓடக்கூடாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்பதால் க்யூரிங் பத்து நாள், மீதி 15 சதவீதம் பதினொன்றாம் நாள். இடையில் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பார். ஒரு தடவை வந்து போக இவ்வளவு என்று அவருக்கு நானே நேரடியாக அனுப்பிவிடுகிறேன்.

போட்டோவும் மாறிவிட்டது. படம் எடுக்க வேண்டிய அன்று காலையில் நான் ஒரு நாலு இலக்க எண் அனுப்புவேன். அதை சென்ட்ரிங் பலகையில் சாக்கட்டியால் எழுதி, பக்கத்தில் டேப் வைத்து, கேட்டிலிருந்து மாடி வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாகத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி, இட விவரம் எல்லாம் போய்விடும். அதையும் மாற்றத் தெரிந்தவன் மாற்றுவான், அதனால்தான் அந்த எண். முதல் தடவை மேஸ்திரி சிரித்தாராம். இரண்டாம் தடவை எண் வருவதற்கு முன்பே சாக்கட்டியோடு நின்றார்.

என் ரூஃபுக்குப் பெயர்த்தெடுத்து, துருவைத் தேய்த்து, புதுக் கலவை பூச மதிப்பீடு வந்திருக்கிறது. பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வரலாம் என்று என்ஜினீயர் இப்போதே சொல்லிவிட்டார், கான்கிரீட்டுக்குள் கலந்த உப்பைக் கழுவி எடுக்க முடியாதே. அம்மா கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள்.