டிவி மேல் பழியைப் போட்டு 50 ஜிபி பேக்கை விற்றார்கள், உஷார்!

வயிறு எரிகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை நம்பி, முழுசாக 50 ஜிபி கூடுதல் பேக் பறிபோனது.

மாத அளவு பாதியிலேயே தீர்ந்ததால் போன் செய்தேன். பேசியவர் பொறுமையானவர். ரவுட்டரின் ட்ராஃபிக் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, வரிவரியாக வாசிக்க வைத்தார். Total Bytes என்ற பத்தியில், டிவிக்கு நேரே 48,312,604,771 என்று இருந்தது. "பாத்தீங்களா சார், இன்னைக்கு மட்டும் டிவி 48 ஜிபி எடுத்திருக்கு. அதை நிறுத்திட்டு 50 ஜிபி பேக் போடுங்க, மாசக் கடைசி வரைக்கும் தாங்கும்" என்றார். எண் கண் முன்னால் இருக்கிறது, சொல்பவர் அந்தத் துறைக்காரர். நம்பாமல் என்ன செய்வது?

டிவியின் ப்ளக்கையே பிடுங்கி வைத்தோம். மூன்றே நாளில் 50 ஜிபியும் காலி.

அப்புறம் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்தால் System Up Time 14 நாள் என்கிறது. அந்தப் பட்டியல் நள்ளிரவில் பூஜ்யமாவதே இல்லை. ரவுட்டர் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆக அன்று வாசித்த 48 ஜிபி, 11 நாள் கணக்கு. ஒரு நாளைக்கு நாலரை ஜிபிகூட இல்லை. எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கே 3 ஜிபி வரை இழுக்கும். சாயங்காலம் ஒரு படம் பார்த்தால் அவ்வளவு ஆகத்தான் செய்யும்.

காலையில் அந்தப் புள்ளிவிவரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்து, இரவில் கழித்துப் பார்த்தேன். லேப்டாப் 17 ஜிபி! வீடியோக் கோப்புகளை ஓயாமல் க்ளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. முதலில் போன் செய்த அன்றைக்கும் லேப்டாப்பின் வரி 34 ஜிபி என்று டிவிக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அது ஏறத் தொடங்கி இரண்டே நாள். பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டவர், வேகமாக ஏறும் எண்ணைக் கேட்கவே இல்லை.

திரும்பக் கூப்பிட்டால், "பயன்பாடு உங்க பக்கம்தான் சார், பணம் திரும்ப வராது." இன்னொருவர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். செய்திருந்தால் மொத்தக் கணக்கும் அழிந்து, ஆதாரமே போயிருக்கும். எழுத்தில் புகார் கொடுத்தேன். 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? என் 50 ஜிபி எங்கே?

விவரமாக எழுதும் பொறுமை இல்லை. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கழித்துப் பாருங்கள். அதுதான் இன்றைய கணக்கு. ரவுட்டர் நடுவில் அணைந்து எழுந்திருந்தால் அந்தக் கழித்தல் செல்லாது. பெயர் இல்லாத வரியை, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து அடையாளம் காணுங்கள். போன்கள் அதை மாற்றிக்கொண்டு இரண்டு வரியாகவும் தெரியலாம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேக் மட்டும் போடாதீர்கள்.