அறுந்த கொலுசுக்குப் பணமா, மாற்றுக் கொலுசா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கூரியரில் போன கொலுசு, போட்ட இரண்டாம் நாளே கண்ணிகளை ஒட்டிய பற்று விட்டு அறுந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் படம் அனுப்புகிறார், கீழே, "இது வெள்ளியா தகரமா? ஏமாத்திட்டீங்க!" இதற்குப் பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு ஜோடி அனுப்புவதா? துணிக்கடைக்காரருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளியில் அப்படியில்லை, இடையில் விலை நகர்ந்திருக்கும்.

60 கிராம் ஜோடி, வாங்கிய அன்று கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி 6,000, கூலி 600, மூன்று சதவீத ஜிஎஸ்டி 198, ஆக 6,798. இன்று கிராம் 120 என்றால் அதே ஜோடிக்கு 8,034 ஆகும். பில் தொகையை மட்டும் திருப்பித் தந்தால், அதே கொலுசை வாங்க அவர் 1,236 ரூபாய் கூடப் போட வேண்டும். கோபம் இரட்டிப்பாவது இங்கேதான். விலை ஏறியிருந்தால் மாற்று ஜோடியே அவருக்கு லாபம். கடைக்கும் பெரிய நட்டமில்லை: அறுந்த வெள்ளி உருக்கத் திரும்பி வருகிறது, போவது கூலியும் சேதாரமும் கூரியர் செலவும்தான்.

கிராம் 80க்கு இறங்கியிருந்தால் கணக்கு தலைகீழ். அதே ஜோடி இன்று 5,562தான், ஆகவே அவர் பணத்தைக் கேட்பார். அப்போது "மாற்றுத்தான் தருவோம்" என்று மடக்கக் கூடாது. இணையத்தில் விற்ற பொருள் குறையுள்ளதாக இருந்தால் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

அவர் 'தகரமா' என்று கேட்டிருப்பதும் முக்கியம். வெள்ளியின் மேலேயே சந்தேகம் வந்தவருக்கு இன்னொரு ஜோடியை முதலில் நீட்டினால் இன்னொரு தகரமாகத்தான் தெரியும். அவருக்கான பதிலில் பணம் முதலில் வர வேண்டும். பற்று மட்டும் விட்டது, டிசைன் பிடித்திருக்கிறது என்பவருக்கு மாற்று முதலில். "எப்படிப் போட்டீங்க?" என்ற கேள்வி இரண்டிலும் வேண்டாம். வளைந்து அறுந்ததா, பற்று விட்டதா என்பது பொருள் கைக்கு வந்ததும் தெரிந்துவிடும்.

'தகரமா' என்று கேட்டவருக்குப் பதில் இப்படி இருக்கலாம்: "வணக்கம்ங்க மேடம். படம் பார்த்தோம். ரெண்டே நாளில் அறுந்திருக்கு, தப்பு எங்க மேலதான். கூரியர்காரர் நாளைக்கு வந்து எடுத்துக்குவார், செலவு எங்களது. பணம் வேணும்னா முழு 6,798ம், கொலுசு வந்து சேர்ந்த மூணு நாளில் அனுப்பிடறோம். மாற்று வேணும்னா அதே 60 கிராம் ஜோடி, இன்னைக்கு விலை கூடியிருந்தாலும் ஒரு ரூபாய் கூடக் கேட்கமாட்டோம். வெள்ளி பற்றிச் சந்தேகம் இருந்தா உங்க ஊர்லயே சோதிச்சுப் பாருங்க, அந்தச் செலவும் எங்களது. எது வேணும்னு சொல்லுங்க."

பற்று வைத்துத் தருகிறோம் என்ற மூன்றாவது வழியை இதில் சேர்க்கவில்லை. இரண்டு நாளில் அறுந்ததை ஒட்டித் தந்தால், அடுத்த இணைப்பும் அப்படித்தானோ என்று அவர் காலைப் பார்த்தபடியே நடப்பார். ஆறு மாதம் போட்ட கொலுசில் ஒரே ஒரு கண்ணி விட்டிருந்தால் அதைச் சொல்லலாம்.