மேனேஜரால்தான் வேலையை விடுகிறீர்கள்: ஹெச்ஆரிடம் எந்தப் பதிலைச் சொல்வது?

சிங்கப்பூரில் ஜூரோங் வட்டாரத்துக் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த நண்பரை, கடைசி வாரத்தில் விலகல் நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு தேக்காவில் உட்கார்ந்து, "ஏன் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு மூன்று பதில்களை எழுதிப் பார்த்தோம். உண்மைக் காரணம் இதுதான்: திங்கட்கிழமை ஷிஃப்ட் பட்டியல் ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும். ஏன் என்று கேட்டால் மேனேஜர் எரிந்து விழுவார்.

முதல் பதில், "வேறு நல்ல வாய்ப்பு கிடைத்தது." யாருக்கும் மனவருத்தம் இல்லை. இங்கே ஒரே துறைக்காரர்கள் அடிக்கடி எதிரும் புதிருமாக வருவார்கள் என்பதால் பலரும் இதையே சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ராஜினாமா செய்யும்படி உங்களை வற்புறுத்தியிருந்தால், விலகல் படிவத்தில் மட்டும் 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிடாதீர்கள். கட்டாய ராஜினாமாவும் முறையற்ற பணிநீக்கமாகக் கருதப்படலாம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான டிஏடிஎம்மில் புகார் கொடுக்கலாம். அப்போது அந்த இரண்டு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இரண்டாவது, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது. நண்பர் இதைத்தான் விரும்பினார். "அந்த ஆளுக்கு மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசலாம். ஆனால் ஹெச்ஆர் குறிப்பில் 'மேலாளருடன் ஒத்துப்போகவில்லை' என்று ஒரே வரிதான் ஏறும். குறை மேனேஜரிடமிருந்து உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது, ஆளை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்வது: "கடைசி மூன்று மாதத்தில் 11 தடவை பட்டியல் முந்தைய நாள் இரவுதான் வந்தது. அதில் இரண்டு ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்கவில்லை." குணத்தைப் பற்றி வாதாடலாம், தேதியோடு வாதாட முடியாது. என் ஓட்டு இதற்குத்தான். மேனேஜர் கத்தியதை எங்கே சேர்ப்பது என்று நண்பர் கேட்டார். தேதியும் அவர் சொன்ன வார்த்தையும் நினைவிருந்தால் ஒரே ஒரு சம்பவம், இல்லையென்றால் வேண்டாம் என்றேன்.

அப்புறம் பாக்கி ஓவர்டைம். அதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தார். நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொல்வது புகார் ஆகாது. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். வேலையை விட்டவர் சம்பளப் பாக்கிக்கு டிஏடிஎம்மை நாட கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. 'பார்க்கிறோம்' என்ற பதிலை நம்பிக் காத்திருந்தால் அது ஓடிவிடும். அதனால் நாள், மணி நேரம், தொகை போட்டுத் தனியாக மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் என்பதால், தன் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றாவது பதிலைத்தான் சொன்னார். "திரும்ப இங்கே வேலைக்கு வருவீர்களா?" என்று ஹெச்ஆர் அக்கா கடைசியாகக் கேட்டிருக்கிறார். "பட்டியல் வியாழக்கிழமையே வந்தால் யோசிப்பேன்" என்றாராம். அக்கா அதையும் எழுதிக்கொண்டாராம்.