யோபுவா, பாபிலோன் கவிதையா: 15 மதிப்பெண்ணுக்கு எதை எடுப்பது?

ஞான இலக்கியத் தாளில் எனக்கு வந்த கேள்வி இது: "துன்புறும் நீதிமானின் சந்தேகம் விசுவாசத்தின் மறுப்பா? ஒரு பனுவலைக் கொண்டு விளக்குக." படித்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று பைபிளில் உள்ள யோபு புத்தகம். மற்றது 'லுத்லுல் பேல் நெமேகி' என்ற, பழைய பாபிலோனின் அக்காடிய மொழிக் கவிதை. நான் யோபுவை எடுத்தேன். இன்று எழுதினாலும் அதைத்தான் எடுப்பேன்.

பாபிலோன் கவிதையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஷுப்ஷி-மெஷ்ரே-ஷக்கான் என்ற உயர்குடி மனிதன் அதில் பேசுகிறான். அரசனின் தயவு போகிறது, அரண்மனைக்காரர்கள் சதி செய்கிறார்கள், பிறகு உடம்பும் படுக்கிறது. குறி பார்ப்பவராலும் மந்திரிப்பவராலும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவனுக்கு நல்லதாகத் தோன்றுவது தெய்வத்துக்குக் குற்றமாக இருக்கலாம், தெய்வங்களின் மனதை யார் அறிவார் என்று இரண்டாம் களிமண் பலகையில் அவன் கேட்கும் இடம் எந்தத் தேர்வுத்தாளிலும் நிற்கும். ஆனால் கவிதை தொடங்குவதே மர்துக் தெய்வத்தின் துதியோடு. பிழைத்து வந்தவன் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை என்பதால், சந்தேகம் எங்கே போய் முடியும் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

இவையெல்லாம் சின்ன வித்தியாசங்கள்தான். எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: இவன் குற்றமற்றவன் என்பதற்கு யார் சாட்சி?

பாபிலோன் கவிதையில் அவனே சாட்சி. ஜெபித்தேன், பலியிட்டேன் என்று பட்டியல் போடுகிறான். குணமாகும் பகுதிக்கு வந்தால், மர்துக் தன் பிழைகளைக் காற்றோடு போகச் செய்தார் என்கிறான். அப்படியானால் பிழை இருந்திருக்கிறது. 'நீதிமான்' என்ற சொல்லே அங்கே ஆட்டம் காண்கிறது. நான் இதை மொழிபெயர்ப்பில்தான் படித்தேன், அக்காடியம் தெரிந்தவர் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம்.

யோபுவில் சாட்சி கடவுளே. இதைக் காட்ட ஒரு எபிரெயச் சொல் போதும்: ஹின்னாம். 'சும்மா', 'காரணமின்றி' என்று பொருள். 1:9-இல் சாத்தான், யோபு சும்மாவா கடவுளுக்குப் பயப்படுகிறான் என்று கேட்கிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது 'விருதாவாகவா'. 2:3-இல் அதே சொல் கடவுளின் வாயில் வருகிறது: அவனைக் காரணமின்றி அழிக்க நீ என்னைத் தூண்டினாய். இங்கே தமிழில் 'முகாந்தரமில்லாமல்'. சொல் மாறிவிட்டதால் தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த முடிச்சு தட்டுப்படாது. எனக்கும் இரண்டாவது வாசிப்பில்தான் பட்டது.

அப்புறம் 9:17. முகாந்தரமில்லாமல் எனக்குக் காயங்களைப் பெருக்குகிறார் என்று யோபு கொதிக்கிறான். அவனைத் தேற்ற வந்த நண்பர்கள் காதுக்கு அது தேவதூஷணம். ஆனால் பரலோகத்தில் கடவுள் சொன்ன அதே சொல்லை, அந்தப் பேச்சைக் கேட்காத யோபு, சாம்பலில் உட்கார்ந்தபடி சொல்கிறான். அவன் குற்றச்சாட்டு உண்மை என்பது வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 22:6-இல் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாஸ் அந்தச் சொல்லையே யோபுவின் மேல் திருப்புகிறான்: நீதான் சகோதரரிடம் காரணமின்றி அடகு வாங்கினாய். ஆதாரம் ஒன்றுமில்லை. துன்பம் இருந்தால் பாவம் இருந்தே ஆகவேண்டும் என்ற கணக்கைக் காப்பாற்ற ஒரு பாவத்தை உருவாக்குகிறான்.

விடையை இந்த நான்கு வசனங்களில் கட்டி, 42:7-இல் முடித்தேன். என் தாசன் யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று நண்பர்களிடம் கடவுள் சொல்லும் இடம் அது. இன்னொன்றும் கவனிக்கலாம்: நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள், யோபுதான் பற்றிப் பேசுவதிலிருந்து திரும்பி அவரிடமே பேசுகிறான். மறுப்பவன் யாரிடம் முறையிடுவான்?

ஒரு இடத்தில் கை வைக்காமல் விட்டேன்: 42:6. 'என்னை அருவருத்து' என்று தமிழில் இருந்தாலும், எபிரெயத்தில் 'என்னை' என்ற சொல் இல்லை. அடுத்த வினைக்கு மனம் வருந்துதல், மனம் மாறுதல், ஆறுதல் அடைதல் என்று பல பொருள் சொல்கிறார்கள். யோபு பணிந்துவிட்டான் என்று இதை மட்டும் நம்பி எழுதினால், திருத்துபவர் 42:7-ஐக் காட்டி மதிப்பெண் குறைக்கலாம்.

பாபிலோன் கவிதைக்கு ஒரு இடம் உண்டு. "ஒப்பிடுக" என்று கேட்டால் அது இல்லாமல் முடியாது. மர்துக்கின் எசகிலா கோயில் வாசல்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நன்மை அவனுக்குத் திரும்பக் கிடைப்பதை, யோபுவின் இரட்டிப்புச் செல்வத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு 5 மதிப்பெண் கேள்வி ஒன்று: முதல் இரண்டு அதிகாரங்களில் அத்தனை பேசிய சாத்தான் முடிவுரையில் வருவதே இல்லை, 42:11 தீங்கைக் கர்த்தரே வரப்பண்ணினார் என்கிறது. 2:3-ஐ எதிரில் வைத்து எழுதிப் பாருங்கள்.