ஊரை விட்டுக் கிளம்புவது: ‘மகாநதி’யா, ‘தவமாய் தவமிருந்து’வா?

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்த வருடம்தான் இந்த இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தேன். இரண்டிலும் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. ஆனால் அந்தப் பயணத்துக்கு இரண்டும் தரும் அர்த்தம் வேறு வேறு. ‘தவமாய் தவமிருந்து’ பக்கம்தான் என் சாய்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘மகாநதி’ 1994 பொங்கலுக்கு வந்தது. சந்தானபாரதி இயக்கம். கும்பகோணம் பக்கத்தில் நிலபுலனோடு நிம்மதியாக இருக்கும் கிருஷ்ணசாமி, வறுமையால் கிளம்புபவர் அல்ல. வெளிநாட்டில் வாழும் குடும்பம் ஒன்றின் தோரணையைப் பார்த்து, தன் பிள்ளைகளும் அப்படி வளரவேண்டும் என்று ஆசைப்படுகிறார். சென்னைக்கு வந்து சீட்டு கம்பெனியில் பங்குதாரர் ஆகிறார். மோசடி, சிறை, பிள்ளைகள் சிதறுவது எல்லாம் அப்புறம். இருக்கிற வர்க்கத்திலிருந்து அடுத்த படிக்கு ஏற நினைத்த ஆசைக்கு நகரம் தரும் தண்டனையாகத்தான் கதை நகர்கிறது. ஊர் என்றால் காவிரியும் கோயிலும், பட்டணம் என்றால் ஏமாற்று. கமல்ஹாசனின் நடிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நெஞ்சை உலுக்கும். ஆனால் எனக்கு ஒரு குறை: நிலம் வைத்திருந்தவருக்குத்தான் ஊர் இப்படிச் சொர்க்கமாகத் தெரியும். அதே ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் பட்டணம் போனால் அதை வீழ்ச்சி என்று யார் சொல்வார்கள்?

சேரனின் ‘தவமாய் தவமிருந்து’ 2005-இல் வந்தது. ராஜ்கிரண் நடித்த முத்தையா சிறிய அச்சகம் வைத்திருப்பவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்குகிறார், தீபாவளிச் செலவுக்காக இரவெல்லாம் கண் விழித்து வேலை பார்க்கிறார். இங்கே ஆசை அப்பாவுடையது, அதை நிறைவேற்ற வேண்டியது மகன். இளைய மகன் ராமலிங்கம் காதலித்த பெண்ணோடு சென்னைக்கு ஓடிப் போகும்போது, அந்தப் பயணம் முன்னேற்றம் அல்ல, ஒளிந்துகொள்ளும் இடம். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் அங்கே அவன் படும் பாட்டைப் படம் மறைக்கவில்லை. குழந்தை பிறந்ததும் தேடி வருவது அப்பாதான். பிற்பாடு மதுரையில் நல்ல வேலையில் அமர்ந்து, பெற்றோரைத் தன்னோடு கூட்டி வைத்துக்கொள்கிறான். ஆக ஒரே வாழ்க்கையில் நகரம் முதலில் தலைமறைவு, அப்புறம் அந்தஸ்து.

என்னைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிக்கும் விஷயம் ஒன்றுதான்: பிள்ளை போன பிறகு பெற்றோரை யார் வைத்துக்கொள்வது? ‘மகாநதி’யில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வீட்டின் பெரியவரான கிருஷ்ணசாமியின் மாமியாரும் பிள்ளைகளோடு கூடவே சென்னைக்கு வந்துவிடுகிறார். ‘தவமாய் தவமிருந்து’ கதையின் பிற்பகுதி முழுக்க இதுதான். மூத்தவன் கல்யாணத்துக்குப் பின் தனிக்குடித்தனம் போய்விடுகிறான், இளையவன் கூட்டி வருகிறான். அந்தக் காலக் கூட்டுக்குடும்பத்தில் கடமை வீட்டோடு சேர்ந்தே இருந்தது. இங்கே அது ஒருவன் விரும்பிச் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. மதிப்பு மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பா எட்டு மாதம் இரண்டு அறை வீட்டில் இருந்தார். தினமும் காலையில் ஊருக்குப் போன் போட்டு, மோட்டார் ஓடியதா, வாசல் தெளித்தார்களா என்று கேட்பார். பூட்டிக் கிடந்த ஊர் வீட்டில் நிலைக்கதவைக் கரையான் அரித்த செய்தி வந்த அன்று, “தம்பி, நான் கிளம்புறேன்பா” என்றார். கூட்டி வருவது சுலபம், அவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். ‘தவமாய் தவமிருந்து’ பாசத்தில் காட்டும் அக்கறையை இந்தச் சின்ன விஷயத்தில் காட்டவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொன்று. குடும்பம் பிரிவதற்கு மூத்த மருமகள்தான் காரணம் என்று ‘தவமாய் தவமிருந்து’ சுலபமாகக் கைகாட்டிவிடுகிறது. நம் தொலைக்காட்சித் தொடர்கள் இன்று வரை செய்வதும் அதேதான். என் மனைவிக்கு அந்தக் காட்சிகள் பிடிக்கவே இல்லை. எட்டு மாதம் ஒரே சமையலறையில் மாமியாரோடு இருந்தவர் அவர். நான் மகனாக மட்டுமே பார்த்தவன், அந்தப் பக்கத்து நியாயத்தை அவர்தான் எழுத வேண்டும்.